ஃப்ரேம் சரிந்தால் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ்தானா?

கணினியில் கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின் மூலையில் விநாடிக்கு 90 ஃப்ரேம் என்று காட்டுகிறது. திடீரென்று எண் 35-க்கு விழுகிறது, காட்சி இழுத்து இழுத்து நகர்கிறது, இரண்டு விநாடியில் மறுபடியும் 90. இந்தப் புகாரோடு கணினிக் கடைக்குப் போனால் பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில், "எஸ்.எம்.பி.எஸ் பத்தல, மாத்திடுங்க" என்பதுதான். கார்டுக்குத் தேவையான மின்சாரம் கிடைக்கவில்லை, அதனால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

கேட்டவுடன் நம்பத் தோன்றும் விளக்கம் இது. வீட்டில் வோல்டேஜ் இறங்கினால் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, குண்டு பல்பு மங்கி எரிகிறது. மின்சாரம் குறைந்தால் பொருளின் வேகமும் குறையும் என்பதை நாம் சிறு வயதிலிருந்தே கண்ணால் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் மேசைக் கணினியில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு மின்விசிறியைப் போல வேலை செய்வதில்லை. பலவீனமான எஸ்.எம்.பி.எஸ் கார்டை மெதுவாக்குவது மிக அரிது. அது கணினியை ஒரேயடியாக அணைத்துவிடும், அல்லது திரையைக் கறுப்பாக்கும், அல்லது டிரைவரைச் செயலிழக்க வைக்கும். இரண்டு விநாடி சரிந்து பின் தானே எழுந்துவரும் ஃப்ரேம் எண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில்தான் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனையோ பேர் ஐயாயிரம், எட்டாயிரம் ரூபாய் கொடுத்துப் புது எஸ்.எம்.பி.எஸ் வாங்கி மாட்டிவிட்டு, அதே இடத்தில் அதே சரிவைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

இது ஏன் இப்படி என்று புரிய, கார்டு தன் வேகத்தை எப்படி முடிவு செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

2012-க்கு முன்புவரை கிராஃபிக்ஸ் சிப்புக்கு முழு வேலை கொடுத்தால் அது குறிப்பிட்ட ஒரே வேகத்தில் ஓடும். அந்த ஆண்டு மார்ச்சில் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு 'ஜிபியு பூஸ்ட்' என்ற முறை வந்தது. அதன்படி, சிப்புக்கு உறுதியான ஓர் அடிப்படை வேகம் உண்டு. வசதி இருந்தால் கார்டு அதற்கு மேலும் தானாக ஏறிக்கொள்ளும். இன்று விற்கும் எல்லாக் கார்டுகளும், ஏஎம்டி கார்டுகள் உட்பட, ஏதோ ஒரு வடிவத்தில் இதைத்தான் செய்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் அடிப்படை வேகம் 1320 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் வேகம் 1777 என்று என்விடியா அறிவித்திருக்கிறது. நடைமுறையில் நல்ல குளிர்ச்சி இருந்தால் 1900-ஐ ஒட்டியே ஓடும்.

வசதி இருக்கிறதா என்று கார்டு எதைப் பார்த்து முடிவு செய்கிறது? முக்கியமாக மூன்றைப் பார்க்கிறது. சிப்பின் வெப்பம் எவ்வளவு, சிப்புக்குக் கொடுக்கக்கூடிய வோல்டேஜின் உச்சம் எது, கார்டு மொத்தமாக இழுக்கும் வாட் எவ்வளவு. மூன்றாவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இங்கே 'பவர் லிமிட்' என்று ஒரு சொல் வருகிறது. அதைப் பார்த்தவுடன் எஸ்.எம்.பி.எஸ்ஸின் திறன் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பற்றியதே அல்ல. கார்டைத் தயாரித்தவர்கள் அதன் பயாஸில் எழுதிவைத்திருக்கும் எண் அது. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு அந்த எண் 170 வாட். கார்டுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் சில மில்லி ஓம் அளவே உள்ள மின்தடைகளை வைத்திருப்பார்கள். அவற்றின் இரு முனைக்கும் நடுவே உண்டாகும் நுண்ணிய வோல்டேஜ் வேறுபாட்டை ஒரு சிப் அளந்து, எத்தனை ஆம்பியர் உள்ளே வருகிறது என்று கணக்கிடும். உள்ளே வரும் வோல்டேஜோடு அதைப் பெருக்கினால் வாட். அது 170-ஐத் தொட்டால் கார்டு வேகத்தை ஒரு படி இறக்கும். இறங்கினால் மறுபடி ஏற்றும். நாள் முழுக்க இந்த ஏற்ற இறக்கம் நடந்துகொண்டே இருக்கும். அது நோய் அல்ல, வடிவமைப்பே அப்படி.

இந்தக் கணக்கில் எஸ்.எம்.பி.எஸ் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கமான ஆறு முனை, எட்டு முனை கேபிள்கள் வழியாகக் கார்டுக்குத் தெரிவதெல்லாம் கேபிள் செருகப்பட்டிருக்கிறதா என்பது மட்டுமே. மறுமுனையில் இருப்பது 450 வாட் பெட்டியா, 1000 வாட் பெட்டியா, நல்ல தயாரிப்பா, மட்டமானதா என்று கார்டுக்குத் தெரிய வழியில்லை. தெரியாததை மதித்து அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது.

சரி, தெரியாவிட்டால் போகட்டும், வரும் வோல்டேஜ் குறைந்தால் வேகம் தானாகக் குறைந்துவிடாதா? இங்கேதான் மின்விசிறிக்கும் கார்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ் தரும் 12 வோல்ட்டில் சிப் நேரடியாக ஓடுவதில்லை. சிப்புக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரே ஒரு வோல்ட். 12 வோல்ட்டை அந்த ஒரு வோல்ட்டாக மாற்றுவது, கார்டில் சிப்பைச் சுற்றி வரிசையாக நிற்கும் காயில்களும் மின்தேக்கிகளும் மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்த வி.ஆர்.எம் பகுதி. விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி, தேவையான அளவு மட்டும் உள்ளே விட்டு, வெளியே வரும் வோல்டேஜைச் சீராக வைத்திருப்பது அதன் வேலை. உள்ளே வருவது 12.1 ஆனாலும் 11.5 ஆனாலும் சிப்புக்குப் போவது அதே ஒரு வோல்ட்தான்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கணினி மின்சாரத்துக்கான ஏடிஎக்ஸ் தரநிலை 12 வோல்ட் தடத்தில் மேலும் கீழும் 5 சதவீதம் வரை விலக அனுமதிக்கிறது, அதாவது 11.4 வரை இறங்கலாம். ஆர்டிஎக்ஸ் 3060 முழு மூச்சில் 170 வாட் இழுக்கும்போது, 12 வோல்ட்டில் அதற்குத் தேவை 14.2 ஆம்பியர். வோல்டேஜ் 11.4-க்கு இறங்கினால் அதே 170 வாட்டுக்கு 14.9 ஆம்பியர் இழுத்துக்கொள்ளும். வேகம் அப்படியே இருக்கும். கேபிளும் இணைப்பும் சற்றுக் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். விசிறி வோல்டேஜ் இறங்கினால் குறைவாக இழுக்கும். கார்டு கூடுதலாக இழுக்கும். ஏற்கெனவே திணறும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு இது மேலும் பாரம் ஏற்றும். அதனால்தான் அங்கே மெதுவான தேய்வு கிடையாது. ஓர் எல்லைவரை எல்லாம் சரியாக நடக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாக விழும்.

அந்த எல்லையில் என்ன நடக்கிறது என்பது எஸ்.எம்.பி.எஸ்ஸின் தரத்தைப் பொறுத்தது. நல்ல பெட்டி என்றால் உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கும். ஆம்பியர் மிகுந்தாலோ, மொத்த வாட் மிகுந்தாலோ, வோல்டேஜ் ஆபத்தான அளவுக்கு இறங்கினாலோ அது எல்லாத் தடங்களையும் ஒரே நொடியில் மூடிவிடும். விளையாடிக்கொண்டிருந்தவருக்குத் தெரிவது, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் கணினி அப்படியே அணைவதுதான். நீலத் திரை வராது, பிழைச் செய்தி வராது. சில சமயம் தானே மறுபடி துவங்கும்; சில சமயம் பின்புறச் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழுந்துவரும்.

மட்டமான பெட்டியில் இந்தச் சுற்றுகள் சரியாக வேலை செய்யாது, அல்லது இருக்கவே இருக்காது. வோல்டேஜ் அனுமதித்த எல்லைக்குக் கீழே போன பிறகும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டின் மேல் இருக்கும் அலைவு, தரநிலை அனுமதிக்கும் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டும். வி.ஆர்.எம் ஒரு கட்டத்துக்கு மேல் இதைச் சமாளிக்க முடியாமல் சிப்பின் வோல்டேஜ் ஒரு கணம் தவறும். சிப் தப்பாகக் கணக்குப் போடும், அல்லது உறைந்துபோகும். விண்டோஸ் இரண்டு விநாடி காத்திருந்து, கார்டு பதில் சொல்லவில்லை என்றால் டிரைவரை மறுபடி துவக்கும். திரை உறைந்து, கறுத்து, திரும்ப வரும். பெரும்பாலும் கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும்.

ஃப்ரேம் சரிவு என்று தவறாக எண்ணத்தக்க நிகழ்வு எஸ்.எம்.பி.எஸ்ஸால் வருவதென்றால் அது இதுதான். ஆனால் இது 90-லிருந்து 35-க்கு இறங்கும் சரிவு அல்ல. பூஜ்யத்துக்குப் போகும் உறைவு, அதுவும் சில விநாடிகளுக்கு. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இது தடம் விட்டுப்போகும்: டிரைவர் மீண்டும் துவங்கியதற்கு 4101 என்ற எண், திடீர் அணைவுக்கு Kernel-Power 41. இந்த 41 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எஸ்.எம்.பி.எஸ்தான் கெட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அது சொல்வது, கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே. வீட்டில் கரன்ட் போனாலும் அதே எண்தான் பதிவாகும்.

வாட் போதுமானதாக இருந்தும் கணினி அணைவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது அது வெளிச்சத்துக்கு வந்தது. 3080-இன் பவர் லிமிட் 320 வாட். அது சராசரி. ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அது 450 வாட்டைத் தாண்டித் துள்ளியதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினார்கள். கார்டின் பூஸ்ட் கணக்கு சராசரியைத்தான் பார்க்கிறது. அத்தனை விரைவான துள்ளல் அதன் கையில் அகப்படாது. ஆனால் சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்களின் பாதுகாப்புச் சுற்று அதைக் கண்டு, ஆபத்து என்று எண்ணிக் கதவை மூடிவிட்டது. நல்ல 750 வாட் பெட்டி வைத்திருந்தவர்களும் அணைவைச் சந்தித்தார்கள். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை இதற்காகவே ஒரு விதியைச் சேர்த்தது: புதிய பதினாறு முனை இணைப்புள்ள 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள், தம் திறனைப் போல் இரு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும். இங்கும் பாருங்கள், துள்ளலால் நேர்ந்தது அணைவு. வேகக் குறைவு அல்ல.

அப்படியென்றால் எஸ்.எம்.பி.எஸ் போதாவிட்டால் கார்டு வேகம் குறையும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கு உண்மையான வரலாறு இருக்கிறது. 2004-இல் வந்த ஜிஃபோர்ஸ் 6800 காலத்துக் கார்டுகளில், தனி மின்கேபிள் செருகாவிட்டாலோ அதில் போதிய மின்சாரம் வராவிட்டாலோ, என்விடியாவின் டிரைவர் திரையில் ஓர் எச்சரிக்கை காட்டும். கார்டுக்குப் போதிய மின்சாரம் இல்லை, பழுதைத் தவிர்க்க அதன் செயல்திறனைக் குறைத்திருக்கிறோம் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் கணினி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் இந்தச் செய்தியைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களிடமிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று அறிவு கைமாறியது. இன்றைய கார்டுகளில் கேபிளைச் செருகாவிட்டால், கணினியை அணைத்துக் கேபிளை மாட்டுங்கள் என்ற செய்தியோடு அங்கேயே நின்றுவிடும், அல்லது காட்சியே வராது. பாதி வேகத்தில் ஓடும் பழைய ஏற்பாடு பெரும்பாலும் போய்விட்டது. அந்த நினைவு மட்டும் தங்கிவிட்டது.

இன்றும் மின்வழங்கி காரணமாகக் கார்டின் வேகம் உண்மையிலேயே குறையும் இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: அங்கே யாரோ கார்டுக்குத் தகவல் சொல்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4090-இன் பதினாறு முனை இணைப்பில் பன்னிரண்டு முனைகள் மின்சாரத்துக்கு, நான்கு சிறிய முனைகள் தகவலுக்கு. அவற்றில் இரண்டு, தரையோடு இணைக்கப்பட்டிருக்கின்றனவா இல்லையா என்பதை வைத்து, இந்தக் கேபிளிலிருந்து 150, 300, 450, 600 வாட்டுகளில் எதுவரை எடுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்லும். என்விடியா அந்தக் கார்டோடு கொடுத்த மாற்றுக் கேபிளில் நான்கு தலைகளையும் செருகினால் 600. மூன்றை மட்டும் செருகினால் 450, அதற்கு மேல் ஏற்ற முடியாது. அதேபோல சர்வர்களில் மின்வழங்கியிலிருந்து கார்டுக்குத் தனி அறிவிப்புக் கம்பி உண்டு. மின்வழங்கி ஒன்று பழுதானால் கார்டை உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்லும். என்விடியாவின் கட்டளைக் கருவியில் `HW Power Brake Slowdown` என்ற வரி இருப்பது இதற்காகத்தான்.

சாதாரண வாசகருக்கு நெருக்கமான இடம் லேப்டாப். அங்கே கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. கேமிங் லேப்டாப்போடு வந்த 230 வாட் அடாப்டர் பழுதாகி, அதே முனையுள்ள 120 வாட் அடாப்டரை மாட்டினால், லேப்டாப்பின் ஃபர்ம்வேர் அடாப்டரின் திறனை அடையாளக் கம்பி வழியாகவோ யூஎஸ்பி-சி வழியான பேச்சுவார்த்தையிலோ அறிந்துகொள்ளும். உடனே கிராஃபிக்ஸ் சிப்பின் வாட் எல்லையை வெட்டிவிடும். பேட்டரியில் ஓடும்போதும் அப்படியே. லித்தியம் செல்கள் அத்தனை வாட்டைத் தொடர்ந்து தர முடியாது என்பதால் எல்லை மிகக் கீழே இருக்கும். லேப்டாப்பில் கேம் திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கினால், சார்ஜர் முனை தளர்ந்திருக்கிறதா, அது உரிய வாட் உள்ளதா என்பதை முதலில் பார்ப்பதே முறை. மேசைக் கணினிக்கு அந்த அனுபவத்தை அப்படியே கொண்டுவரக் கூடாது.

இனி ஒரு மேசைக் கணினியை எடுத்துக்கொண்டு, காரணத்தைத் தேடிப் போகும் வழியை முழுதாகப் பார்ப்போம். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 8 ஜிபி ரேம் ஒரே குச்சி, கேபினட்டோடு சேர்ந்து வந்த '500 வாட்' என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். புகார்கள் இரண்டு. நகரக் காட்சிகளில் வேகமாக வண்டி ஓட்டினால் ஃப்ரேம் 90-லிருந்து 35-க்குச் சரிந்து எழுகிறது. எப்போதாவது, குறிப்பாகக் கேம் புதிதாகத் திறந்து எல்லாவற்றையும் தயார்செய்யும்போது, கணினி பட்டென்று அணைந்து மறுபடி துவங்குகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்றுதான் முதலில் தோன்றும்.

முதல் புகாரிலிருந்து தொடங்குவோம். GPU-Z, HWiNFO இரண்டும் இலவச மென்பொருள்கள். கார்டின் கிளாக் வேகம், எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, எத்தனை வாட், கேபிளில் உள்ளே வரும் வோல்டேஜ் எல்லாவற்றையும் அவை விநாடிக்கு விநாடி பதிவு செய்யும். சிக்கல் வரும் காட்சியை ஓட்டிவிட்டுப் பதிவைத் திறந்து, ஃப்ரேம் சரிந்த அந்த இரண்டு விநாடியை மட்டும் பார்க்க வேண்டும். நம் கணினியில் அந்த இடத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கிளாக் 1900-இல் அசையவில்லை, வேலை 98 சதவீதத்திலிருந்து 55-க்கு இறங்கியது, வாட் 165-லிருந்து 105, உள்ளே வரும் வோல்டேஜ் 11.8-லிருந்து 12.0-க்கு ஏறியது.

இந்தப் பதிவில் கடைசி எண்தான் என் கண்ணில் முதலில் படும். ஃப்ரேம் சரிந்த நேரத்தில் வோல்டேஜ் ஏறியிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ் கொடுக்க முடியாமல் திணறியதால்தான் சரிவு என்றால், வோல்டேஜ் அப்போது இறங்கியிருக்க வேண்டும், வாட் எல்லையில் நிற்க வேண்டும். இங்கே நடந்திருப்பது தலைகீழ். கார்டு வேலையில்லாமல் காத்திருக்கிறது. வேலை குறைந்ததால் வாட் குறைந்தது. வாட் குறைந்ததால் எஸ்.எம்.பி.எஸ்ஸின் பாரம் குறைந்து வோல்டேஜ் ஏறியது. வாட் குறைந்ததை மட்டும் பார்ப்பவர்கள், பாருங்கள், கார்டுக்குக் கரன்ட் போகவில்லை என்று சொல்லிவிடுவார்கள். விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்வது இங்கே மிக எளிது.

கார்டுக்கு வேலை வராததற்குக் காரணம் பிராசசர், ரேம், டிஸ்க் பக்கம் இருக்கும். அதே பதிவில் ரேம் 8 ஜிபியும் நிரம்பி, விண்டோஸ் டிஸ்க்கை ரேம்போலப் பயன்படுத்திக்கொண்டிருப்பது தெரியும். ஒரே குச்சி என்பதால் ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதையும் பாதி அகலம்தான். வேகமாக வண்டி ஓட்டும்போது புதிய தெருக்களைத் தொடர்ந்து ஏற்ற வேண்டியிருப்பதால் அந்தக் காட்சியில் மட்டும் திணறுகிறது. இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டு இரண்டையும் உரிய துளைகளில் செருகினால் இந்தச் சரிவு தீரும்.

பதிவு வேறு மாதிரியும் இருக்கலாம். வேலை 98 சதவீதத்திலேயே நின்று, கிளாக் மட்டும் 1900-லிருந்து 1500-க்கு விழுந்தால், அப்போதுதான் கார்டு தானாக வேகத்தைக் குறைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் குறைத்தது என்பதையும் அதுவே சொல்லும். GPU-Z-இல் `PerfCap Reason` என்ற வரியில் `Thrm` என்று வந்தால் வெப்பம். 3060 கார்டு 83 டிகிரியைத் தொடும்போது தன்னை அடக்கத் தொடங்கும். தூசி, நின்றுபோன விசிறி, காய்ந்துபோன வெப்பப் பசை என்று தேட வேண்டும். `Pwr` என்று வந்தால் கார்டின் சொந்த 170 வாட் எல்லை, எஸ்.எம்.பி.எஸ் மாற்றினாலும் அந்த எண் மாறாது. `VRel` என்றால் வோல்டேஜின் உச்சத்தில் நிற்கிறது, நல்ல ஆரோக்கியமான நிலை. எஸ்.எம்.பி.எஸ் போதவில்லை என்று சொல்வதற்கு அங்கே தனிக் குறியே இல்லை. கட்டளை எழுதிப் பார்க்க விரும்புவோர் இதைத் தரலாம்:

```
nvidia-smi -q -d PERFORMANCE
```

கார்டு சூடாகும்போது 1920-லிருந்து 1875-க்கு, 15 மெகாஹெர்ட்ஸ் அளவான சிறு படிகளாக மெல்ல இறங்குவதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது பூஸ்டின் இயல்பு. அந்த இறக்கத்தை ஃப்ரேம் எண்ணில் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். மென்பொருள் விநாடிக்கு ஒரு முறை பார்ப்பது. மின்சாரத் துள்ளல் மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடுவது. ஆகவே பதிவில் 11.8 என்று இருப்பதால் எஸ்.எம்.பி.எஸ் முற்றிலும் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. மதர்போர்டு காட்டும் 12 வோல்ட் எண்ணை நான் நம்புவதே இல்லை. அது அரை வோல்ட்கூடப் பிசகும். கார்டு தன் கேபிளில் அளப்பது அதைவிட மேல். பதிவைக் கொண்டு சொல்லக்கூடியது, விநாடிக்கணக்கில் நீடிக்கும் சரிவுக்கு எஸ்.எம்.பி.எஸ் காரணமா இல்லையா என்பதை மட்டும்தான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் பணம் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கார்டு இப்போது 120 வாட்டை ஒட்டியே இழுக்கும், எஸ்.எம்.பி.எஸ்ஸின் பாரத்திலிருந்து 50 வாட் குறைந்துவிட்டது, துள்ளல்களும் அடங்கும். மொத்த ஃப்ரேம் எண் பத்து சதவீதம்போலக் குறையும். இப்போது அதே காட்சியை ஓட்டுங்கள். சரிவு அதே இடத்தில் அப்படியே வந்தால் எஸ்.எம்.பி.எஸ் காரணமல்ல. மாறாக, முன்பு அணைந்த கணினி இப்போது மணிக்கணக்கில் அணையாமல் ஓடினால், சந்தேகத்தின் விரல் எஸ்.எம்.பி.எஸ்ஸை நோக்கித் திரும்புகிறது. கார்டை அளவு மீறி ஓவர்கிளாக் செய்திருந்தாலும் இதே முடிவு கிடைக்கும் என்பதால், அப்படிச் செய்திருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

நம் கணினியில் இந்தச் சோதனை இரண்டு புகார்களையும் பிரித்துக் காட்டும். 120 வாட்டில் நகரக் காட்சியின் சரிவு மாறவில்லை. திடீர் அணைவு நின்றுவிட்டது. அதாவது முதலாவது ரேமின் பிரச்சினை, இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ்ஸின் பிரச்சினை. ஒரே பெட்டிக்குள் இரண்டு தனித்தனிக் குறைகள் இருந்திருக்கின்றன.

அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றிப் பக்கவாட்டு லேபிளைப் படித்தால் காரணம் தெரிந்துவிடும். பெரிய எழுத்தில் இருக்கும் 500 வாட்டை விட்டுவிட்டு, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். 20 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஆல் பெருக்க 240 வாட். மீதி வாட்டுகளை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் பரப்பிக் காட்டி 500 என்று கூட்டியிருப்பார்கள். இன்றைய கணினி ஏறக்குறைய எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கிறது. கார்டுக்கு 170, ரைசன் 5600 உச்சத்தில் 76 வாட் வரை எடுக்கும், மதர்போர்டின் மாற்று இழப்பையும் சேர்த்தால் 90-ஐ நெருங்கும், விசிறி, டிஸ்க் முதலியவற்றுக்கு ஒரு 20. மொத்தம் 280. விளையாடும்போது பிராசசர் முழுதாக உழைப்பதில்லை என்பதால் 240-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். கேம் திறக்கும்போது பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் இறங்கினால் எல்லை தாண்டிவிடும். அணைவு ஏன் அந்த நேரத்தில் மட்டும் வந்தது என்பதற்கு விடை இதுதான்.

இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். யாரிடம் எந்தத் தரத்து பெட்டி இருக்கும் என்று தெரியாததால் அவர்கள் தாராளமாகச் சொல்லும் எண் அது. 12 வோல்ட்டில் 36 ஆம்பியரைத் தனியாகத் தரக்கூடிய, நேர்மையாகத் தயாரித்த 450 வாட் பெட்டி இந்தக் கணினியை எந்தச் சிரமமும் இல்லாமல் ஓட்டும். '80 ப்ளஸ்' முத்திரையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அந்தச் சோதனை முக்கியமாக அளக்கிறது. அலைவு எவ்வளவு, துள்ளலைத் தாங்குமா, பாதுகாப்புச் சுற்று உரிய நேரத்தில் மூடுமா என்பது அந்த முத்திரையில் அடங்காது. இவற்றைப் பெட்டியைத் திறந்து, கருவி வைத்து அளக்கும் விமர்சனங்களில்தான் பார்க்க வேண்டும்.

புது எஸ்.எம்.பி.எஸ் மாட்டிய பிறகு அதே கேமை ஓட்டிப் பதிவெடுத்தால், வோல்டேஜ் 12.0-இல் அசையாமல் நிற்கும், கணினி அணையாது. கிளாக் வேகம் முன்பு இருந்த அதே 1900-தான். ரேம் குச்சியை இன்னும் வாங்கவில்லை என்றால், நகரத் தெருவில் ஃப்ரேம் முன்போலவே 35-க்குச் சரியும்.